∛30: 27-இலிருந்தா, 3.1³-இலிருந்தா?

∛30-ஐக் கையால் தோராயமாகக் கணக்கிட, பக்கத்தில் இருக்கும் முழுக் கனமான 27-ஐத்தான் பலரும் பிடிப்பார்கள். y = ∛x என்றால் dy = dx/(3∛x²), அதில் dx = 3 போட்டால் 3/27, ஆக விடை 3.1111. தொடுகோடு என்றாலும் வகையீடு என்றாலும் இதே கணக்குதான்.

பிழை? அதன் எல்லை M·dx²/2. இங்கே M என்பது இரண்டாம் வகைக்கெழுவின் உச்ச அளவு. x கூடக் கூட அது சுருங்குவதால் இடது முனையில், அதாவது 27-இல் பார்த்தால் போதும்: 2/2187. எனவே பிழை 0.0042-ஐத் தாண்டாது. வளைகோடு தொடுகோட்டுக்குக் கீழேயே கிடப்பதால் நம் விடை எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான்.

சரி, 3.1³ = 29.791 என்று ஒரு பெருக்கல் கூடுதலாகப் போட்டால்? dx வெறும் 0.209, விடை 3.10725, பிழை 0.00002-க்குள். dx வர்க்கமாக வருவதுதான் காரணம். கையில் தாள் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.