மெடிக்கல் ரிப்போர்ட்ல பேர், நம்பர் மறைச்சு அனுப்புறது: லிப்ரே ஆபீஸ் ரிடாக்ட் சில வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

அம்மைக்கு கிட்னி பிரச்சினை. டெஸ்ட் நாகர்கோவில்ல எடுப்போம், டாக்டரைப் பாக்க திருவனந்தபுரம் போவோம், இடையில சந்தேகம் வந்தா கிட்னி நோயாளிகள் வாட்ஸப் குரூப்லயும் மஸ்கட்ல நர்ஸா இருக்குற சித்தப்பா மகன்கிட்டயும் கேப்போம். அதனால ரிப்போர்ட்டை மறைச்சு அனுப்புற வேலை எனக்கு ஓயவே ஓயாது. இதுக்கு நான் சில வருஷமா யூஸ் பண்றது லிப்ரே ஆபீஸ்ல இருக்குற ரிடாக்ட்ங்கிற மறைக்கிற வசதி. ஃப்ரீதான், 6.3 வெர்ஷன்ல இருந்தே இருக்கு.

இது ஏன் வேணும்னா, நெறைய பேர் பிடிஎஃப்ல பேர் மேல ஒரு கருப்புக் கட்டத்தை வரைஞ்சு அனுப்பிருதாங்க, பார்க்க நல்லா மறைஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா கட்டம் மேல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரிதான், அடியில எழுத்து அப்படியே இருக்கு. அந்த இடத்தை செலக்ட் பண்ணி காப்பி எடுத்து நோட்பேட்ல பேஸ்ட் பண்ணினா பேர் வந்து விழும். எங்க குரூப்ல ஒரு அண்ணன் அப்படி அனுப்பி, அடுத்த நிமிஷமே ஒருத்தர் "மக்கா, இது உனக்க அம்மைக்க பேருதானே"ன்னு பேரோட சேர்த்து கேட்டுட்டாரு. போன்ல ஹைலைட்டர் பேனா வச்சு அடிக்கிறதும் இதே கதைதான், அந்த மை கொஞ்சம் ஊடுருவித் தெரியும், ரெண்டு மூணு தடவை அடிச்சாலும் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏத்தினா கீழ உள்ளதை வாசிச்சிரலாம்.

ரிடாக்ட்ல பிடிஎஃப்பை லிப்ரே ஆபீஸோட டிராங்கிற ஆப்ல திறந்துட்டு Tools > Redact போனா ஒவ்வொரு பக்கமும் படமா மாறி வரும். அதுல ரெக்டாங்கிள் எடுத்து மறைக்க வேண்டிய இடத்துல இழுக்கணும். இழுக்கும்போது கட்டம் சாம்பல் கலர்ல அடியில உள்ளது தெரியுற மாதிரிதான் இருக்கும், பயப்படாண்டாம், கடைசில கருப்பா எக்ஸ்போர்ட் பண்ற Redacted Export கொடுத்தா மொத்தப் பக்கமும் எழுத்தே இல்லாத படமா வெளிய வரும். பக்கத்துலயே முன்னோட்டம் பாக்கதுக்குன்னு இன்னொரு பிடிஎஃப் பட்டன் இருக்கு, அதை அமுக்கினா சாம்பல் கட்டத்தோடயே ஃபைல் வந்திரும். அதை மட்டும் அனுப்பிரக் கூடாது.

குறை ஒண்ணு உண்டு. லேப் பிடிஎஃப்ல உள்ள ஃபான்ட் நம்ம கம்ப்யூட்டர்ல இல்லேன்னா டிரா வேற ஃபான்ட்டைப் போட்டு வரிசையை நகத்திரும், சில நேரம் வேல்யூ பக்கத்து கட்டத்துல ஏறி உக்காந்திருக்கும். மெடிக்கல் ரிப்போர்ட்ல இது சின்ன விஷயம் இல்ல. ஒரிஜினலைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு நம்பரா பாக்கணும். நகந்திருந்தா நான் டிராவை விட்டுட்டு, பாப்ளர்ங்கிற ஃப்ரீ டூலை வச்சு கமாண்ட் லைன்ல இப்படிப் படமா எடுத்திருவேன்:

```
pdftoppm -r 150 -png report.pdf page
```

பக்கத்துக்கு ஒரு படம் வரும், ஒரிஜினல்ல எப்படி இருக்கோ அச்சு அசலா அப்படியே இருக்கும். அதை பெயிண்ட்ல திறந்து உள்ள நிறைஞ்ச கருப்புக் கட்டம் போட்டு சேவ் பண்ணினா போதும். எந்த வழில செஞ்சாலும் பிடிஎஃப்பா அனுப்புறதா இருந்தா கடைசில இதை ஓட்டிப் பாப்பேன், ஒண்ணும் வராம இருந்தா உள்ள எழுத்து எதுவும் மிச்சம் இல்லேன்னு அர்த்தம்:

```
pdftotext clean.pdf -
```

எதை மறைக்கணும்ங்கிறதுல ஆளுங்க கோட்டை விடுறது கியூஆர் கோட்லதான். எங்க லேப் ரிப்போர்ட்ல அதை ஸ்கேன் பண்ணினா பேரோட ஒரிஜினல் ரிப்போர்ட்டே திறக்கும், அப்போ மேல பேரை மறைச்சு என்ன பிரயோஜனம். பார்கோடு, அதுக்குக் கீழ உள்ள சாம்பிள் நம்பர், ஒவ்வொரு பக்கத்துக் கீழயும் சின்னதா திரும்ப வர்ற பேஷன்ட் ஐடி, ஃபைல் பேர்லயே இருக்குற போன் நம்பர், எல்லாம் போகணும். டிஸ்சார்ஜ் சம்மரின்னா ஆதார், ஆபாங்கிற 14 இலக்க ஹெல்த் ஐடி நம்பர், காப்பீட்டுக் கார்டு நம்பர் வரும். அட்ரஸ்ல வீட்டுப்பேரும் விளைன்னு முடியுற ஊர்ப்பேரும் போதும், நம்ம ஊர்ல ஆளைக் கண்டுபிடிக்க. ரெஃபர் பண்ணின டாக்டர் பேரையும் நான் மறைச்சிருவேன்.

ஆனா பேர் வரியை மொத்தமா அடிச்சா கெட்டுது. நிறைய ரிப்போர்ட்ல பேர், வயசு, ஆணா பொண்ணா எல்லாம் ஒரே வரில இருக்கும். உதாரணத்துக்கு 62 வயசு பொம்பளைக்கு, கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்துல 1.6ன்னு வைங்க. 2021 சிகேடி-இபிஐங்கிற ஃபார்முலாப்படி கிட்னி வடிகட்டுற அளவு, அதான் இஜிஎஃப்ஆர், சுமார் 36 வரும். அதே 62 வயசுல அதே 1.6 ஆம்பளைக்குன்னா சுமார் 48. அதாவது கிட்னி நோய்ல ஒருத்தர் 3பி ஸ்டேஜ், இன்னொருத்தர் அதைவிட லேசான 3ஏ. வயசும் பாலினமும் தெரியாம 1.6ஐ மட்டும் வச்சு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால பேர் இருக்குற துண்டை மட்டும் மறைச்சுட்டு "62 / பெண்" விட்டுருவேன், பிறந்த தேதி இருந்தா அதை மறைச்சு வயசை எழுதிருவேன்.

யூனிட்டும் அப்படித்தான். ஓரத்தை கிராப் பண்ணும்போது mg/dL போயிருது. சித்தப்பா மகன் வேலை பாக்குற ஆஸ்பத்திரில கிரியாட்டினினை µmol/L கணக்குலதான் பாக்காங்க, நம்ம 1.6 அவனுக்கு 141. யூனிட் இல்லாம அனுப்பினா அவன் முதல்ல கேக்குறதே அதுதான். ரெஃபரன்ஸ் ரேஞ்சும் இருக்கணும், லேபுக்கு லேப் மாறும்.

தேதிதான் எனக்கு ரொம்ப யோசனையா இருந்த விஷயம். தேதியை விட்டா பில்லோட சேர்த்துப் பாத்து ஆளைப் பிடிக்கலாம், எடுத்தா அர்த்தமே போயிரும், ஏன்னா கிரியாட்டினின் 1.1ல இருந்து 1.6 ஆனது ரெண்டு வாரத்துலயா ரெண்டு வருஷத்துலயாங்கிறதுலதான் எல்லாமே இருக்கு, ரெண்டு வாரம்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கிட்னி நோயை நாள்பட்டதுன்னு சொல்லவே பாதிப்பு மூணு மாசத்துக்கு மேல நிலைச்சிருக்கணும். அதனால தேதியை மறைச்சுட்டு மேல "முதல் டெஸ்ட்", "4 மாசம் கழிச்சு", "11 மாசம் கழிச்சு"ன்னு எழுதுவேன். லேப் பேரை மறைக்கிறதால "மூணும் ஒரே லேப்"னு ஒரு வரியும் சேப்பேன், இல்லேன்னா லேப் மாறினதால கூடியிருக்குமோன்னு சந்தேகம் வரும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு மட்டும் தனிக் கவனம் வேணும். அல்ட்ராசவுண்ட் படத்துக்குள்ளயே மேல ஓரத்துல பேரும் ஐடியும் பதிஞ்சிருக்கும், அது நாலு படத்துலயும் நாலு தடவை வரும். கீழ டாக்டர் எழுதுற பத்திக்குள்ளயும் சில நேரம் பேஷன்ட் பேர் ஒளிஞ்சு கிடக்கும். நான் மறைக்க முன்னாடியே ஒரிஜினல் பிடிஎஃப்ல அம்மைக்க பேரைத் தேடி எத்தனை இடத்துல வருதுன்னு பாத்துக்கிடுவேன், படத்துக்குள்ள உள்ளது தேடல்ல சிக்காது, அதை கண்ணாலதான் பாக்கணும்.