கிடாவுக்குக் கல்லடைப்பு வராமல் இருக்க நவச்சாரமா, கால்சைட்டா?

செங்குன்றம், மாதவரம் பக்கம் பக்ரீத்துக்காகக் கிடா கொழுக்க வைப்பவர்கள் மக்காச்சோளத்தையும் கோதுமைத் தவிட்டையும் தாராளமாகக் கொட்டுகிறார்கள். இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். மிஞ்சும் பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கிக் கல்லாகத் திரள்கிறது. பெட்டை ஆட்டின் சிறுநீர்ப்பாதை அகலமானது, கல் வெளியேறிவிடும். கிடாவுக்கோ குறிமுனையில் புழுபோல் தொங்கும் மெல்லிய நீட்சியிலும் குழாய் வளையும் இடத்திலும் சிக்கிக்கொள்ளும். சின்ன வயதில் காயடித்தவற்றுக்குக் குழாய் இன்னும் குறுகல்.

தடுக்க இரண்டு வழி. நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, சிறுநீரைப் புளிப்பாக்கிக் கல்லைக் கரைய வைக்கும். 30 கிலோ கிடாவுக்கு நாளுக்கு 6 கிராம் போதும். தீவனத் தரத்தில் உள்ளதையே வாங்க வேண்டும், ஈயப் பற்றவைப்புக்கு விற்பதை அல்ல. ஆனால் அது கசக்கும். கிடா ஒதுக்கிவிட்டால் அன்றைக்குப் பலன் இல்லை. சிறுநீரின் பிஎச் 6.5-க்குக் கீழே நிற்கிறதா என்று சோதனைப் பட்டையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல மாதம் தொடர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். விற்பனைக்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு இது சரி, பொலிகிடாவுக்கு வேண்டாம்.

என் சாய்வு தீவனக் கணக்கைத் திருத்துவதில்தான். கிடா தின்னும் 600 கிராம் கலவையில் 300 மக்காச்சோளம், 180 தவிடு, 120 கடலைப் புண்ணாக்கு என்று வைத்துக்கொள்வோம். பாஸ்பரஸ் ஏறக்குறைய 3.4 கிராம், கால்சியம் அரை கிராம்தான். வேண்டியது நேர்மாறு: பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு கால்சியம். குறைகிற 6 கிராமுக்கும் சற்றுக் கூடுதலான கால்சியத்தை 16 கிராம் கால்சைட் மாவு, அதாவது அரைத்த சுண்ணாம்புக்கல், ஈடுகட்டும். அகத்தி, சூபாபுல் தழை போட்டால் இந்த அளவு குறையும். தவிட்டின் தரத்துக்கேற்பவும் மாறும். டைகால்சியம் பாஸ்பேட் சேர்த்தால் பாஸ்பரஸும் கூடவே ஏறும், அதனால் அது இங்கே உதவாது. நீர்த்த சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும்.

கூடவே 12 கிராம் உப்பு. அது தாகத்தைக் கூட்டி சிறுநீரை நீர்க்கச் செய்யும். ஆனால் தண்ணீர் கிடைத்தால்தான். சென்னை வெயிலில் பிளாஸ்டிக் டிரம் தண்ணீர் மதியத்துக்குள் சூடாகிவிடும், கிடா வாய்வைக்காது. நிழலில் வைத்து, காலையும் மதியமும் மாற்றுங்கள். ஒருமுறை கலந்து வைத்தால் கிடா தின்னும் ஒவ்வொரு வாய்க்கும் பலன் சேர்வதே இந்த வழியின் பெரிய வசதி.

அடைப்பு வந்தபின் இரண்டும் பயனில்லை. கிடா முதுகை வளைத்து, வாலை ஆட்டி முக்கும். சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வராது. குறியுறை மயிரில் மணல்போல் பரல் ஒட்டியிருக்கும். மலச்சிக்கல் என்று எண்ணெய் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. தண்ணீரைப் புகட்டினால் சிறுநீர்ப்பை வெடிக்கலாம். முக்கல் திடீரென நின்று வயிறு ஊதத் தொடங்கினால் அது குணமல்ல, பை வெடித்ததன் அறிகுறி. முக்க ஆரம்பித்த அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால், கல் முனை நீட்சியில் மட்டும் இருந்தால் அதை நறுக்கியே மருத்துவர் வழி திறக்கலாம்.