வட்டியே இல்லாத கடன் என்று யாராவது சொன்னால்

மழைக்காலம் நெருங்குகிறது. பூம்புகார், தரங்கம்பாடிப் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். படகு கரையில் கிடக்கும். அரசு தரும் 6,000 ரூபாய் நிவாரணம் அரிசி மளிகைக்கே பத்தாது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் என்ஜினும் பழுது, வலையும் கிழிசல். புரட்டாசியில் அப்பா எங்கள் பக்கத்து மீன் வியாபாரி ஒருவரிடம் 60,000 ரூபாய் வாங்கினார். "வட்டியா? நமக்குள்ள என்ன மச்சான் வட்டி, மீனை மட்டும் என் தராசுல போடு" என்றார் அவர். எழுதாத புரோநோட்டிலும் எழுதாத செக்கிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். படகின் பதிவுச் சான்றிதழையும் "சும்மா பத்திரத்துக்கு" என்று எடுத்துக்கொண்டார்.

அந்தத் தராசில்தான் விஷயமே இருக்கிறது. கரையில் பொது ஏலம் விட்டால் எங்கள் ஊரில் கமிஷன் 5 சதவீதம். இவர் 8 பிடித்தார். விலையையும் அவரே சொல்வார். ஏலத்தில் நண்டு 420 ரூபாய்க்குப் போன அன்றைக்கு எங்கள் சீட்டில் 360 என்று எழுதியிருந்தது. கேட்டால் "சரக்கு சின்னது" என்பார்.

தினமும் அவர் தரும் துண்டுச் சீட்டை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். ஏலத்தில் நிற்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டு அன்றைய கரை விலையைக் கேட்டு, அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதிவைப்பது என் வேலை. வருஷம் முடிந்ததும் உட்கார்ந்து கூட்டினோம். அவர் கணக்கில் விற்றது 3,00,000 ரூபாய். கமிஷன் போக கைக்கு வந்தது 2,76,000. அதே மீன் கரை விலையில் 3,40,000 போயிருக்கும். 5 சதவீதம் போனாலும் 3,23,000 நின்றிருக்கும். ஆக 47,000 ரூபாய் அவரிடம் போயிருக்கிறது. 60,000 கடனுக்கு அது மாசம் நூற்றுக்கு ஆறரை ரூபாய் வட்டி. வட்டியே கிடையாதாம்! அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அவர் கடனை அடைத்துவிட முதலில் வங்கிக்குத்தான் போனோம். மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான் விழும். ஆனால் எங்களிடம் படகின் பதிவுச் சான்றிதழைக் கேட்டார்கள். அது யாரிடம் இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். அவர் அதை வாங்கி வைத்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

அப்புறம் அம்மாவின் மகளிர் குழுவில் 50,000 கடன் எடுத்தோம். மீதி 10,000-க்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பணத்தைத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் கொடுப்போம் என்று பெரியப்பா சொன்னார். நல்ல யோசனை. அங்கே வந்த வியாபாரி "பாக்கி 1,10,000" என்றார். எழுதாத புரோநோட்டில் கையெழுத்து இருந்தால், வைத்திருப்பவர் தொகையை நிரப்பிக்கொள்ளச் சட்டமே வழி விடுகிறது. அந்தத் தைரியம் அவருக்கு. அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து சீட்டுகளைத் தேதிவாரியாகப் பாயில் அடுக்கினார். எல்லாம் அந்த வியாபாரியின் கையெழுத்து. பின்பக்கத்தைப் பஞ்சாயத்தார் திருப்பிப் பார்க்க ஆரம்பித்ததும் அவர் குரல் இறங்கியது. அசலோடு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

புரோநோட்டும் சான்றிதழும் அன்றே கைக்கு வந்தன. செக் மட்டும் "எங்கயோ வச்சுட்டேன்" என்றார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வங்கியில் அந்த செக்குக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. செக் திரும்பினால் அதை வைத்தே வழக்குப் போடலாம். அதனால் "கடன் முழுதும் தீர்ந்தது, இந்த எண்ணுள்ள செக் இனி செல்லாது" என்று எண்ணைக் குறிப்பிட்டு, அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்கினோம். அதன் நகலை வைத்து வங்கியிலும் எழுதிக் கொடுத்தோம்.

இப்போது எங்கள் மீன் பொது ஏலத்துக்குப் போகிறது. குழுக் கடன் ஒழுங்காகப் போகிறது, தோடு இன்னும் மீளவில்லை. அந்த வியாபாரி இந்த வருஷமும் வீடு வீடாக வருகிறார். "பழைய கணக்குக்குப் புதுசா ஒரு கையெழுத்து" என்று கேட்டால் போடாதீர்கள். புரோநோட்டு வழக்குக்குக் கெடு 3 வருஷம். கெடு முடிவதற்குள் நீங்கள் போடும் கையெழுத்து அதை மறுபடி முதலிலிருந்து ஓட வைத்துவிடும்.