பொருநை என்று போட்டால் தாமிரபரணி வருமா? பொருள் தலைப்புப் பட்டியல்கள்: ஓர் ஒப்பீடு

தாமிரபரணியின் எட்டு அணைகள், கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், அவற்றின் வரலாறு. இதைச் சொல்லும் ஒரு தமிழ் நூல் நூலகத்துக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில் 'பொருநை' என்றுதான் இருக்கிறது. 'பாசனம்' என்ற சொல்லே இல்லை. சேரன்மகாதேவியிலிருந்து வரும் ஆய்வு மாணவி 'தாமிரபரணி பாசனம்' என்று தட்டினால் ஒன்றும் வராது. புத்தகமோ பக்கத்து அலமாரியில்தான் இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான், நூல் எதைப் பற்றியது என்று நூலகர் பதிவில் இடும் பொருள் தலைப்பு. அதை எந்த முறையில் கொடுப்பது என்பதில்தான் போட்டி. இந்த ஒரே நூலை வைத்து நான்கு வழிகளையும் பார்த்துவிடலாம்.

முதல் வழி, தோன்றும் குறிச்சொற்களை அப்படியே போடுவது. நூல் விவரங்களைக் கணினிக்காக எண்ணிட்ட புலங்களில் எழுதும் மார்க் பதிவில் இதற்கு 653 புலம். வேலை சுளுவாக முடியும். ஆனால் காலையில் வேலை பார்ப்பவர் 'நீர்ப்பாசனம்' என்று போடுவார், மாலையில் வருபவர் 'பாசனம்' என்பார், மூன்றாமவர் 'அணைக்கட்டு' என்பார். ஒரே பொருளில் வந்த மூன்று நூல்கள் மூன்று இடத்தில் சிதறிப்போகும். வாசகர் ஒன்றைக் கண்டதும் அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்துப் போய்விடுவார். தேடல் முழுதாகத் தோற்றால் ஆளைக் கேட்பார்கள். பாதி கிடைத்தால் கேட்கவே மாட்டார்கள். 653-ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. நூலில் வரும் சிற்றூர், கால்வாய்ப் பெயர்களுக்கு அது நல்ல இடம். முதுகெலும்பாக மட்டும் அதை நம்பக்கூடாது.

இரண்டாவது, சியர்ஸ் பட்டியல். சிறு நூலகங்களுக்கென்றே மின்னி ஏர்ல் சியர்ஸ் 1923-இல் கொண்டுவந்தது. ஒரே தொகுதி, தலைப்புகள் எளியவை, பரந்தவை. பட்டியலில் இல்லாத ஆற்றுப் பெயர், ஊர்ப் பெயர், மரப் பெயரை அது சொல்லும் முறைப்படி நாமே சேர்த்துக்கொள்ளலாம். பள்ளி நூலகத்துக்கும் கிளை நூலகத்துக்கும் இது தாராளம். ஒரு பொருளில் நூற்றுக்கணக்கான நூல்கள் குவியும்போதுதான் தலைப்பு அகலமாகி, வாசகர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டிவரும்.

மூன்றாவது, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பட்டியல். 1898-இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. நான்காவது, அதையே உடைத்து எளிதாக்கிய ஃபாஸ்ட். இரண்டும் நம் நூலை எப்படிப் பிடிக்கின்றன என்று பாருங்கள்:

```
லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்
650 _0 $a Irrigation $z India $z Tamil Nadu $x History

ஃபாஸ்ட்
650 _7 $a Irrigation $2 fast
651 _7 $a India $z Tamil Nadu $2 fast
655 _7 $a History $2 fast
```

முதலாவதில் பொருள், இடம், நோக்கு எல்லாம் ஒரே சரத்தில், வரிசை மாறாமல் நிற்க வேண்டும். இந்திய இடமென்றால் நாடு முதலில், பிறகு மாநிலம். எந்தத் தலைப்புக்குப் பின் இடம் வரலாம், எதற்குப் பின் வரக்கூடாது என்பதற்குத் தனி விதி உண்டு. பயிற்சி இல்லாதவர் சரத்தைத் தப்பாகக் கட்டுவது இங்கேதான். சரியாகக் கட்டிவிட்டால் பலன் பெரிது. அகர வரிசையில் பார்க்கும் வாசகருக்குத் தமிழ்நாட்டுப் பாசன வரலாறு முழுவதும் ஒரே வரிக்குக் கீழ் கிடைக்கும். ஃபாஸ்டில் துண்டுகள் தனித்தனி. பிழை குறையும், பக்கப் பட்டையில் வடிகட்டவும் தோது. ஆனால் எந்த இடத்தின் எந்தப் பொருள் என்ற பிணைப்பு போய்விடும். தமிழ்நாட்டு வரலாறும் கேரளப் பாசனமும் பேசும் நூல்கூட 'பாசனம், தமிழ்நாடு, வரலாறு' தேடலில் வந்து நிற்கும்.

தலைப்பை அள்ளிப் போடவும் கூடாது. ஒரு பொருள் நூலில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் அதற்குத் தலைப்பு என்பது லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பொது வழக்கம். ஒரு பக்கத்தில் குற்றாலம் வந்துவிட்டது என்பதற்காகக் குற்றாலத்தைத் தலைப்பாக்கினால், அருவியைத் தேடுகிறவருக்கு அணைக்கட்டு கிடைக்கும்.

இந்த மூன்று பட்டியல்களிலும் நமக்கு ஒரு பொதுச் சிக்கல் உண்டு: தலைப்பெல்லாம் ஆங்கிலம். தமிழ் நூலைத் தேடுகிறவர் ஆங்கிலத்தில் ஏன் தட்டப்போகிறார்? ஆகவே உள்ளூர்த் தமிழ்த் தலைப்பு ஒன்று பக்கத்திலேயே வேண்டும். அதைக் குறிச்சொல்லாக விடாமல், ஏற்ற பெயரையும் அதன் மற்ற வடிவங்களையும் ஓரிடத்தில் வைக்கும் அதாரிட்டி பதிவோடு கட்டிவிட வேண்டும். ஆற்றுக்கு இப்படி:

```
151 $a தாமிரபரணி ஆறு
451 $a பொருநை
451 $a தண்பொருநை
451 $a தாமிரவருணி
451 $a Tambraparni
```

151 நாம் ஏற்ற பெயர். 451 எல்லாம் வாசகர் தட்டக்கூடிய மற்றப் பெயர்கள். பேச்சில் வரும் 'தாமிரவரணி'யையும் கூச்சப்படாமல் சேர்க்கலாம். நூலின் பதிவில் `651 _4 $a தாமிரபரணி ஆறு`, `650 _4 $a பாசனம்` என்று இரண்டு. அந்த 4, 'மூலம் குறிப்பிடவில்லை' என்று பொருள்படும்.

கோஹா என்ற நூலக மென்பொருளில் இவ்வளவு செய்தும் 'பொருநை' என்று தேடினால், தலைப்பில் அந்தச் சொல் இல்லாத ஆற்று நூல்கள் வராமல் போவதுண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நூல் பதிவின் 651-இல் `$9` இல்லாவிட்டால், அது அதாரிட்டியோடு இணையவில்லை என்று அர்த்தம். பெயர் மட்டும் தட்டப்பட்டிருக்கிறது. இணைந்திருந்தும் வரவில்லையென்றால் `IncludeSeeFromInSearches` என்ற அமைப்பு அணைந்திருக்கும். அதைப் போட்ட பிறகு தேடல் குறியீட்டை முழுதாக மறுபடி கட்ட வேண்டும், இல்லையேல் பழைய பதிவுகளில் எதுவும் மாறாது:

```
sudo koha-rebuild-zebra -f -v library
```

கடைசிச் சொல் உங்கள் நிறுவலின் பெயர். `AutoCreateAuthorities` போடப்பட்டிருந்தால் கவனம் தேவை. தட்டச்சுப் பிழையோடு தலைப்பை இட்டாலும் அதற்கொரு புது அதாரிட்டி பிறந்துவிடும்.

தமிழில் இது இரட்டிப்பு ஆபத்து. 'பௌத்தம்' என்பதைப் பலர் ஔகாரக் குறியில் தட்டாமல் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக 'பெளத்தம்' என்று தட்டுகிறார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. 'பொருநை'யின் ஒகரமும் அப்படியே. `U+0BCA` என்று ஒரே குறியாகவும் இருக்கலாம், `U+0BC6 U+0BBE` என்று இரண்டாகவும் இருக்கலாம். இந்த ஒகரச் சிக்கலை யூனிகோடின் சீராக்கம் ஒன்றாக்கித் தீர்த்துவிடும். 'பெளத்தம்' பிழையை எதுவும் சரிசெய்யாது. கையால்தான் தேடித் திருத்த வேண்டும். கண்டுபிடிப்பது சிரமமில்லை. தேடல் பக்கத்தின் ஓரப் பட்டையில் ஒரே தலைப்பு இரண்டு வரிகளில், வெவ்வேறு எண்ணிக்கையோடு நின்றால் இதுதான் கோளாறு. பிழையான வடிவத்தைச் சரியான அதாரிட்டியின் 450-இல் போட்டு, இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கிவிடுங்கள். அடுத்தவர் தப்பாகத் தட்டினாலும் நூல் கிடைக்கும்.

இடப்பெயரிலும் இதே வேலை இருக்கிறது. கால்டுவெல் 1881-இல் எழுதிய மாவட்ட வரலாறும், பேட் 1917-இல் தொகுத்த கெசட்டியரும் தலைப்பில் 'Tinnevelly' என்றே சொல்கின்றன. திருநெல்வேலி அதாரிட்டியில் 451 ஆக `Tinnevelly`, `நெல்லை` இரண்டும் இல்லாவிட்டால் அவை இக்காலத் தேடலில் அகப்படா. எல்லையும் மாறியிருக்கிறது. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் பிரிந்தன. பழைய நூல் பேசும் மாவட்டம் இன்றைய மூன்று மாவட்டங்களின் பெரும்பகுதியையும் உள்ளடக்கியது என்று 680 புலத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடலாம். கோவில்பட்டி வட்டத்தைப் பற்றிக் கணிசமாகப் பேசும் நூலென்றால் தூத்துக்குடிக்கும் ஒரு 651 கொடுக்க வேண்டும்.

எதைத் தேர்வது? கல்லூரி, பல்கலைக்கழக நூலகம் என்றால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ். அதன் டெல்லி அலுவலகம் தமிழ் நூல்களையும் சேகரித்துப் பட்டியலிடுவதால், பல நூல்களுக்குத் தலைப்பு கட்டப்பட்ட பதிவே கிடைக்கும், நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறும் இசட்39.50 நெறிமுறை வழியே இறக்கிக்கொண்டு தமிழ்த் தலைப்பைக் கூட்டினால் போதும். பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் சியர்ஸ், கூடவே அதே தமிழ் அதாரிட்டிகள். தொடங்கும்போது எல்லாப் பொருளுக்கும் அதாரிட்டி கட்ட முயன்று மூச்சுமுட்ட வேண்டாம். தேடிக் கிடைக்காத சொற்களைக் கவுண்டரில் ஒரு நோட்டில் குறித்துவைத்து, அடிக்கடி வருவதிலிருந்து 451 போட்டு வாருங்கள்.