ரெண்டு பட்டை, ஒரே மருந்து: அம்மா குளியலறையில் விழுந்த கதை

வீட்டில் வயதானவர்கள் தூக்கத்துக்கோ படபடப்புக்கோ மாத்திரை போடுகிறார்கள் என்றால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மருத்துவமனை, கடை எதையும் பெயர் சொல்லப் போவதில்லை.

அம்மாவுக்கு 72 வயது. அப்பா போனதிலிருந்து ராத்திரி தூக்கமில்லை என்று எங்கள் தெரு டாக்டர் க்ளோனாசிபம் 0.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடமாகத் தினமும் படுக்கும் முன் ஒன்று. வீட்டில் அதற்குப் பெயர் ‘ஆரஞ்சு மாத்திரை’.

போன ஜனவரியில் நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத பயம் என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. மனப்பதற்றம் என்று சொல்லி ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார்கள், ராத்திரிக்கு ஒன்று. ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு அக்கா பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னாள். தூக்க மாத்திரை அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அதைத் தோண்டிக் கேட்க அங்கேயும் ஆளில்லை. கீழே பார்மசியில் பில் போட்டு, கவரில் பேனாவால் 0-0-1 என்று எழுதித் தந்தார்கள், அவ்வளவுதான்.

அம்மாவின் கணக்கு எளிமையானது. ஆரஞ்சு தூக்கத்துக்கு, வெள்ளை பயத்துக்கு. நோய் வேறு, டாக்டர் வேறு, கலர் வேறு. பிறகு எப்படி ஒரே மருந்தாக இருக்கும்?

முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தார். “நல்லா தூங்கினேன்டா” என்றார். நான்காவது நாள் காலை பத்து மணிக்கும் எழவில்லை. ஆறாவது நாள் போனில் பேசும்போது நாக்கு குழறியது. பல் செட் சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எட்டாவது நாள் விடிகாலை ஐந்து மணிக்குக் குளியலறையில் விழுந்தார். நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம்.

குழறல், தள்ளாட்டம், விழுந்தது எல்லாம் சேர்ந்ததும் பக்கவாதமோ என்று வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். சிடி ஸ்கேன் சுத்தமாக இருந்தது. ரத்தத்தில் சோடியமும் சர்க்கரையும் சரி. பணியில் இருந்த சின்ன வயது டாக்டர் ஒருவர்தான், “வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையும் கொண்டு வாங்க, சீட்டு வேண்டாம், பட்டையே வேணும்” என்றார்.

ஆட்டோ பிடித்துப் போய் அம்மாவின் பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். வெள்ளை மாத்திரைப் பட்டையில் இரண்டு மருந்து போட்டிருந்தது: பதற்றத்துக்கான எசிட்டலோப்ராம் 10, க்ளோனாசிபம் 0.5. ஆரஞ்சுப் பட்டையில் எதுவுமே தெரியவில்லை. கடைக்காரர் பத்து மாத்திரைப் பட்டையை வெட்டி ஐந்து கொடுத்திருந்தார். மருந்தின் பெயர் அச்சிட்ட பாதி கடையிலேயே தங்கிவிட்டது. எங்கள் கையில் இருந்தது பிராண்டு பெயரின் கடைசி மூன்று எழுத்தும் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்குச் சிவப்பில் போடும் ‘என்ஆர்எக்ஸ்’ குறியின் ஓரமும். தெரு டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அதுவும் க்ளோனாசிபம் என்று உறுதியானது.

ஆக, எட்டு நாளாக அம்மா தினமும் ஒரு மில்லிகிராம் போட்டிருக்கிறார். சின்ன வயதுக்காரருக்கு அது பெரிய அளவில்லை. வயதானவர்கள் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறும், நடையில் தடுமாற்றமும் சீக்கிரம் வரும்.

ஏன் முதல் நாளே தெரியவில்லை என்று கேட்டேன். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகுமாம். இன்று போட்டதில் பாதிக்கு மேல் நாளை ராத்திரியும் உள்ளே இருக்கும், அதன் மேல் அடுத்த மாத்திரை விழும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து உச்சத்துக்கு வர ஒரு வாரம் ஆகிறது. அதனால்தான் புது மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் நாளே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் நிறுத்தியிருப்போம். ஆறாம் நாள் வந்த குழறலை வயதின் கணக்கில் எழுதிவிட்டோம்.

அக்கா கோபத்தில் ரெண்டு பட்டையையும் குப்பையில் போடப் போனாள். டாக்டர் தடுத்தார். இரண்டு வருடம் தினமும் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் மொத்தமாகப் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். எனவே கூட்டு மாத்திரையை மட்டும் நிறுத்தி, எசிட்டலோப்ராமைத் தனி மாத்திரையாக எழுதினார். பழைய 0.5 அப்படியே தொடர்ந்தது. பிற்பாடு அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார். பேச்சு தெளிய நான்கைந்து நாள் ஆனது.

முதல் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். பார்மசியில் “டாக்டர் எழுதினதைத்தான் சார் கொடுத்தோம்” என்றார்கள். டாக்டர் “நீங்க சொல்லலையே” என்றார். உண்மைதான், நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 72 வயது அம்மாவுக்குத் தூக்க மருந்து கலந்த மாத்திரை எழுதுகிறவர், “தூக்கத்துக்கு ஏதாவது போடறீங்களா” என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். எசிட்டலோப்ராம் வேலை காட்டச் சில வாரம் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் க்ளோனாசிபத்தைச் சேர்க்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். அதை நம்மிடம் சொல்லாததில்தான் எனக்கு வருத்தம்.

பெயர்களைப் பாருங்கள். ரிவோட்ரில், லோனசெப், க்ளோனோட்ரில், ஜாபிஸ், பெட்ரில் எல்லாமே க்ளோனாசிபம்தான். கம்பெனிக்கு ஒரு பெயர், அதில் தவறில்லை. ஆனால் காதில் விழும்போது உறவே இல்லாதது போலத்தான் இருக்கும். இதைவிடச் சிக்கல் கூட்டு மாத்திரைகள். பெயருக்குப் பின்னால் ப்ளஸ், ஃபோர்ட், பீட்டா என்று வால் இருந்தால் உள்ளே இரண்டாவது மருந்து இருக்க வாய்ப்பு அதிகம், அது என்னவென்று வால் சொல்லாது. அல்ப்ராசோலத்திலும் இதே கதை: அல்ப்ராக்ஸ், ரெஸ்டில், ட்ரிகா மூன்றும் ஒன்று. க்ளோனாசிபமும் அல்ப்ராசோலமும் வேறு மருந்து என்றாலும் ஒரே குடும்பம். ஆளுக்கொரு டாக்டர் எழுதி இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இதே விளைவுதான்.

இப்போது நான் செய்வது: பட்டையின் பின்பக்கத்தில் பிராண்டு பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைத் தேடிப் படிக்கிறேன். ‘பம்’, ‘லம்’ என்று முடியும் பெயர் இரண்டு பட்டையில் வந்தால், அன்றைக்கே எழுதிய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை. எல்லாப் பட்டையும் முழுசாக இருக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறோம்.

கடையில் வெட்டிக் கொடுத்தால் பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்கிறேன். போன வாரம் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். “மிச்சத்தை அப்புறம் யாருக்குங்க விக்கிறது, பேரு இல்லாம?”

நானும் அதைத்தான் கேட்டேன்.