கெடு தாண்டிய வருமான வரி ரிட்டர்ன்: மன்னிப்பு மனுவா, கூடுதல் வரி கட்டும் வழியா?

தாமதமாகப் போடுவதற்கான கடைசி நாளான டிசம்பர் 31-உம் தாண்டிவிட்டது, ரிட்டர்ன் போடவில்லை. அடுத்து என்ன என்று தேடினால் இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, 139(8ஏ) பிரிவின்கீழ் போடும் புதுப்பித்த ரிட்டர்ன். இன்னொன்று, 119(2)(பி) பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. இரண்டில் எது சுலபம் என்று பலரும் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சுலபத்தை அல்ல, பணம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை. நீங்கள் துறைக்குக் கட்ட வேண்டுமா, துறை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டுமா? அநேகமாக அதுவே வழியைத் தீர்மானித்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தாலும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டம்தான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தனியாகத் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர் ஒருவருக்கு 2022-23 நிதியாண்டில் 6,20,000 ரூபாய் கட்டணம் வந்தது. கொடுத்த நிறுவனங்கள் 10% டி.டி.எஸ். பிடித்ததில் 62,000 போய்விட்டது. 44ஏடிஏ பிரிவின்படி பாதியை வருமானமாகக் காட்டினால் 3,10,000. ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடி கிடைத்து வரியே இல்லை. அதாவது 62,000-உம் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் 2023 ஜூலையில் அப்பாவுக்குப் பக்கவாதம், டிசம்பர் 20-இல் அவர் மறைவு. ஜூலை 31-உம் போய், டிசம்பர் 31-உம் போய்விட்டது.

இவர் புதுப்பித்த ரிட்டர்ன் போட முடியாது. ரீஃபண்ட் கேட்கவோ நஷ்டத்தைக் காட்டவோ வரியைக் குறைக்கவோ அந்த வழி திறக்காது. இவருக்கு மனு ஒன்றுதான்.

இதே மனிதருக்கு 30,000 வரி பாக்கி என்றால் கதை தலைகீழ். ரீஃபண்டுக்கும் நஷ்டத்தை முன்னெடுத்துச் செல்வதற்கும்தான் மன்னிப்புச் சுற்றறிக்கை பேசுகிறது. பாக்கி வைத்தவர் புதுப்பித்த ரிட்டர்னுக்குப் போக வேண்டும். அங்கே கெஞ்ச வேண்டியதில்லை, ஏன் தாமதம் என்று கதை சொல்ல வேண்டியதில்லை. விலை மட்டும் உண்டு. வரியும் வட்டியும் சேர்ந்து 36,000 என்று வைத்தால், மதிப்பீட்டு ஆண்டு, அதாவது அந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் அதில் 25%, அதாவது 9,000 கூடுதல். அடுத்த ஆண்டில் 50%, மூன்றாவதில் 60%, நான்காவதில் 70%. வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். யோசித்துக்கொண்டே இருப்பதுதான் இங்கே பெரிய செலவு.

சரி, மனுவுக்கு வருவோம். 2024 அக்டோபர் 1-இல் வந்த 11/2024 சுற்றறிக்கைதான் இப்போது அடிப்படை. ஒரு கோடி வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையரே முடிவு செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் மனு போக வேண்டும். நம் உதாரணத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2023-24, அது முடிந்தது 2024 மார்ச் 31-இல். ஆகவே 2029 மார்ச் 31 வரை நேரம் உண்டு. மனு வந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கூடியவரை முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தாமதமாகக் கேட்கும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

போர்டலில் `Services` மெனுவில் `Condonation Request` என்று இருக்கும். ரிட்டர்ன் போட்டுவிட்டு சரிபார்ப்பை மட்டும் தவறவிட்டவர்களுக்கு அங்கேயே தனித் தேர்வு உண்டு. மாற்றித் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மனுவின் உயிர் காரணத்தில்தான். அதை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். முதல் விதம்: "தந்தையின் உடல்நலக் குறைவு காரணமாக உரிய காலத்தில் தாக்கல் செய்ய இயலவில்லை. தாமதத்தை மன்னித்து அபராதத்தையும் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன்." உண்மைதான், ஆனால் படிக்கும் அதிகாரிக்குப் பிடிமானமே இல்லை.

இரண்டாவது விதம் காலத்தை வரிசையாக நிரப்பும். ஜூலை 10 அப்பா மருத்துவமனையில் சேர்க்கை, இணைப்பு ஒன்று. செப்டம்பரில் டிஸ்சார்ஜ், அதன்பின் வீட்டில் கவனித்தது நான் ஒருத்திதான். டிசம்பர் 20 மறைவு, சான்றிதழ் இணைப்பு இரண்டு. டிசம்பர் 31 கெடு அதிலிருந்து பதினோரு நாளில்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இது பாதிதான். கெடுவைத் தவறவிட்டது ஏன் என்பதற்குப் பதில் ஆயிற்று, கெடு முடிந்த நாளிலிருந்து மனு போட்ட நாள் வரை என்ன நடந்தது என்பதற்குப் பதில் இல்லை. இவர் மனு போட்டது 2024 நவம்பரில். நடுவே ஜூலை 2024-இல் அடுத்த ஆண்டு ரிட்டர்னை ஒழுங்காகப் போட்டிருக்கிறார். அது துறையின் திரையிலேயே தெரியும். "அதைப் போட முடிந்தவருக்கு இதற்கு மனு போட ஏன் முடியவில்லை?" என்ற கேள்வி வரும். அந்த ஜூலையில்தான் ஆடிட்டர் வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்துப் பழைய டி.டி.எஸ். கிடப்பதைச் சொன்னார், மருத்துவமனைப் பதிவுகளின் நகல் கைக்கு வர அக்டோபர் ஆனது என்பது உண்மையானால், கேட்பதற்கு முன் அதை எழுதிவிட வேண்டும், நகலுக்கு விண்ணப்பித்த கடிதத்தோடு.

ஒவ்வொரு நாளையும் மயிர்பிளந்து கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் காத்திஜி வழக்கில் சொன்னது உண்மை. அதை நம்பி மாதக்கணக்கான இடைவெளியை வெறுமையாக விடாதீர்கள். தாமதத்தின் காரணத்தோடு கோரிக்கை சரியானது என்பதும், மறுத்தால் உண்மையான கஷ்டம் வரும் என்பதும் தெரிய வேண்டும். ஆகவே வருமானக் கணக்கீடு, 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கூடவே போகட்டும். "சட்டம் தெரியாது", "ஆடிட்டர் மறந்துவிட்டார்" என்பவை தனியாக நின்றால் மெலிந்த காரணங்கள். ஆடிட்டர் தவறுதான் உண்மை என்றால் அவரிடமே ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள்.

அப்புறம், முதல் விதத்தில் வந்த அந்த "அபராதம்". 234எஃப் பிரிவில் பிடிப்பது தாமதக் கட்டணம், தானாகவே விழும்: ஐந்து லட்சத்துக்குள் வருமானம் என்றால் 1,000, அதற்கு மேல் 5,000. நியாயமான காரணம் இருந்தால் அபராதம் வேண்டாம் என்று சொல்லும் 273பி பிரிவின் பட்டியலில் அது இல்லை. நம் கட்டடக் கலைஞர் 1,000 போய் 61,000 வரும் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. தணிக்கை அறிக்கை தாமதத்துக்கான 271பி போல உண்மையான அபராதத்துக்கு நோட்டீஸ் வந்தால், அதே காரணத்தையும் அதே ஆவணங்களையும் வைத்து அந்த நோட்டீஸுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும். அங்கே 273பி கைகொடுக்கும். இரண்டு வேண்டுகோளையும் ஒரே மனுவில் கலந்தால் மனுவின் கவனம்தான் சிதறும்.

நிராகரித்தால் வழக்கமான மேல்முறையீடு இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் போட வேண்டும், 61,000 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது. மனுவை முதல் தடவையே முழுமையாக எழுதச் சொல்வது அதனால்தான். ஏற்றுக்கொண்டால், ரிட்டர்னில் 119(2)(பி) பிரிவைத் தேர்ந்து ஆணையின் எண்ணையும் தேதியையும் கொடுத்துத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் அதற்கும் ஒரு மன்னிப்பு மனு எழுத வேண்டிவரும்.