மேற்கு மாம்பலத்துத் தரைத்தள வீட்டின் ஒரு சுவர்: நில ஓதமா, குழாய்க் கசிவா, காற்றின் ஈரமா?

1980களில் கட்டப்பட்ட அந்த வீட்டின் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நான்கு ஆண்டுகளில் இருமுறை கொத்திப் பூசப்பட்டு மூன்று முறை வண்ணம் கண்டும், ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்குள் உப்புப் பூத்து உரிந்துவிட்டது. பூச்சு வேலை எடுத்தவர், ஊசி மாட்டிய ஈரமானியைச் சுவரில் குத்திக் காட்டி, "இது தரையிலிருந்து ஏறும் ஓதம், துளையிட்டு ரசாயனம் செலுத்த வேண்டும்" என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கோ, காலையில் சுவரைத் தொட்டால் நனைந்திருப்பதால் ஏ.சி.தான் காரணம் என்ற எண்ணம். குளியலறைக் குழாயை இருவருமே சந்தேகிக்கவில்லை. மேல் தொட்டியின் நீர்மட்டத்தை ஓர் இரவு முழுதும் கவனித்து, அது குறையவில்லை என்று வீட்டுக்காரர் உறுதி செய்துகொண்டிருந்தார்.

சுவரைச் சோதிக்கப் போன நான் முதலில் ஏ.சி. பற்றிய ஐயத்தை எடுத்துக்கொண்டேன், ஏனெனில் அதில் உண்மை இருந்தது. இரவெல்லாம் 22 டிகிரியில் குளிர்ந்த அறையின் சுவர்ப்பரப்பு காலையில் 23, 24 டிகிரியில் இருக்கும்போது சன்னலைத் திறந்தால், 28 டிகிரி வெப்பமும் 88 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட சென்னைக் காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்று ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்த்துளியாகப் படியும். குளிர்நாடுகளில் சன்னலை மூடி வைப்பதால் சுவர் வியர்க்கிறது என்று படிக்கிறோம். நம் ஊரில் திறந்தால்தான் வியர்க்கிறது.

இதைச் சோதிக்க, உரிந்த பகுதியில் அரை மீட்டர் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரங்களிலும் ஒட்டுப்பட்டையால் காற்றுப் புகாமல் ஒட்டினோம். அறையை நோக்கிய முகம் நனைந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவரை நோக்கிய முகம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மறுநாள் காலை இரண்டு முகங்களும் நனைந்திருந்தன. அத்துடன் நிறுத்தியிருந்தால் முடிவு குழம்பியிருக்கும். ஆகவே புதிய தாளை ஒட்டி, இரண்டு நாள் ஏ.சி.யை அணைத்துச் சன்னல்களைத் திறந்தே வைக்கச் சொன்னேன். அப்போது முன்முகம் உலர்ந்தே இருந்தது, பின்முகத்தில் மட்டும் நீர் கோத்திருந்தது. ஆக, காலை வியர்வை உண்மை; ஆனால் மின்விசிறி போட்ட அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும் அந்த மெல்லிய நீர்ப்படலத்திற்கு, சுவரின் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து பூச்சைப் பெயர்க்கும் அளவு வலு இல்லை. மர அலமாரியின் பின்னால் உச்சிவரை படர்ந்திருந்த கரும்பூஞ்சைக்கு மட்டுமே அது பொறுப்பு.

எஞ்சிய இரண்டையும் பிரிப்பதுதான் கடினம், ஏனெனில் நில ஓதமும் குழாய்க் கசிவும் ஒரே மாதிரி உரியும், ஒரே மாதிரி பூக்கும். ஊசிமானி இங்கே உதவாது. அது அளப்பது மின்கடத்தலை மட்டுமே என்பதால், உப்பேறிய சுவர் உலர்ந்திருந்தாலும் ஈரமென்றே காட்டும். உப்பு இருப்பதும் சான்றாகாது. கட்டும்போதே உவர்ப்பான ஆழ்குழாய் நீரில் கலவை போட்ட வீடுகள் இந்நகரில் நிறைய உண்டு என்பதால், குளோரைடு எங்கிருந்தும் வந்திருக்கலாம். நைட்ரேட் சற்று நம்பத்தக்கது; அது பெரும்பாலும் மண்ணிலிருந்தும் சாக்கடை நீரிலிருந்தும் வருவது.

ஆகவே சுவரின் இரு முனைகளிலும், தரையிலிருந்து 15, 50, 100 சென்டிமீட்டர் உயரங்களில், செங்கல் இணைப்புச் சாந்தில் மெதுவாகத் துளையிட்டுத் தூள் எடுத்தோம். வேகமாகத் துளைத்தால் சூட்டில் ஈரம் ஆவியாகிவிடும். பூச்சுத் தூளையும் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு தூளையும் எடைபோட்டு, 105 டிகிரியில் உலர்த்தி மீண்டும் எடைபோட்டால் மொத்த ஈரம் தெரியும். உலர்ந்த தூளை, கரையாத உப்பும் மிஞ்சி நிற்கும் சமையல் உப்புக் கரைசலோடு மூடிய பெட்டியில் எடை மாறாத நிலை வரும்வரை வைத்தால், 75 விழுக்காடு ஈரக் காற்றிலிருந்து அது தானாக இழுத்துக்கொள்ளும் ஈரம் தெரியும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதே, எங்கிருந்தோ நீராக வந்து சேர்ந்தது.

குளியலறையில் சூடுநீரும் குளிர்நீரும் கலந்து வரும் கலவைக் குழாயை ஒட்டிய முனையில் மொத்த ஈரம் கீழிருந்து மேலாக 8, 13, 6 விழுக்காடு. காற்றிலிருந்து இழுக்கக்கூடியது எங்கும் 2 விழுக்காடு அளவே. தரையிலிருந்து ஏறும் நீர் அடியில் மிகுந்து மேலே போகப்போகக் குறைய வேண்டும். இங்கோ நடுவில் மிகுந்திருந்தது. அதாவது நீர் அரை மீட்டர் உயரத்திற்கு அருகே எங்கோ உள்ளே நுழைந்து, அங்கிருந்து மேலும் கீழும் பரவுகிறது. வாசல் பக்க முனையில் அளவுகள் 6, 3, 1. அங்கே காற்றிலிருந்து இழுக்கக்கூடியது முறையே 2, 2.5, 1 என்பதால், அடியில் மட்டுமே 4 விழுக்காடு உண்மையான நீர். 50 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக்குறைய எதுவுமில்லை. நைட்ரேட்டைக் காட்டும் சோதனைத்தாள் நிறம் மாறியதும் இந்த முனையில்தான். எனவே நில ஓதமும் இருக்கிறது, ஆனால் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போட்டதில், மூன்று படியாக இருந்த வாசல் ஒரு படியாகக் குறைந்து, வெளி மண் அடிமட்ட ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேலே ஏறி நின்றிருந்தது.

கசிவை உறுதி செய்யக் குளிர்நீர்க் குழாய், சூடுநீர்க் குழாய் இரண்டையும் தனித்தனியே அடைத்து, கைப்பம்பால் 3 கிலோ அழுத்தம் ஏற்றினோம். பழைய இரும்புக் குழாயில் அதற்கு மேல் ஏற்றினால் சோதனையே புதிய உடைப்பை உண்டாக்கலாம். குளிர்நீர்க் குழாய் அரைமணி நேரம் அழுத்தத்தைத் தாங்கியது. கெய்சரிலிருந்து வரும் குழாய் அதற்குள் 2 கிலோவுக்கு இறங்கியது. டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது, கலவைக் குழாய்க்கு அடியில் 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஜி.ஐ. எல்போவின் மரை துருப்பிடித்திருந்தது. மேல் தொட்டி தரும் அழுத்தம் அரை கிலோ அளவே என்பதால் சொட்டுச் சொட்டாகவே கசிந்திருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்க ஒன்பது லிட்டருக்கு மேல் போக வேண்டும், ஓர் இரவில் இரண்டு லிட்டர் போனால் கண்ணுக்குத் தெரியாது.

ரசாயன ஊசி வேண்டாம் என்று எழுதினேன். அது தரையையொட்டிய வரிசையில் ஒரு தடுப்பை உண்டாக்கும். அந்தத் தடுப்புக்கு மேலே கசியும் எல்போவை அது என்ன செய்யும்? சூடுநீர்க் குழாயை முழுவதுமாக மாற்றுவது முதல் வேலை. வெளி மண்ணைத் தடுப்புப் பட்டைக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறக்கி, நீர் தேங்காமல் சரிவு கொடுப்பது இரண்டாவது. இதை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினால் போதும். உப்பேறிய பூச்சை ஈரக்கோட்டுக்கு முப்பது சென்டிமீட்டர் மேல்வரை கொத்திவிட்டு, செங்கலைத் திறந்தே விட வேண்டும். மாதத்துக்கு ஓர் அங்குலம் உலரும் என்பது தோராயக் கணக்கு. மறுபக்கம் டைல்ஸ் இருப்பதால் இந்தச் சுவர் ஒரு பக்கமாக மட்டுமே உலரும், அதாவது ஒன்பது மாதம் அளவு. அதே ஆறு இடங்களுக்கு அருகில் மீண்டும் தூள் எடுத்து, மொத்த ஈரத்துக்கும் காற்றீர்ப்பு ஈரத்துக்கும் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குள் வந்த பிறகே பூச்சுக்கு ஒப்புதல் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வாசல் முனையின் அடிப்பகுதி அதற்குள் வராவிட்டால், அந்த ஓரிடத்திற்கு மட்டும் ஊசி முறையைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.